ஆட்டோ ஹிஞ்ச் ஷட்டர்: மேல்கோடு சாய்கிறது, இடைவெளி ஒரே அளவாக வரவில்லை. எந்தத் திருகைத் திருப்புவது?

புதுவீடு_திருச்சி

வணக்கம். சமையலறையில் மேடைக்குக் கீழே 18 மி.மீ. பிளையில் செய்த பெட்டி. மூன்று ஷட்டர்கள். இடது ஓரத்து ஷட்டர் இடது சைடு பேனலில் மாட்டியிருக்கிறது. நடு ஷட்டர் நடுவில் இருக்கும் பார்ட்டிஷனில். மூன்றாவது வலது சைடு பேனலில். ஆசாரி வேலையை முடித்துவிட்டு வெளியூர் போய்விட்டார், வர ஒரு மாதம் ஆகும் என்கிறார்.

நடு ஷட்டர்தான் கண்ணை உறுத்துகிறது. முதல் ஷட்டருக்கும் அதற்கும் இடையே மேலே 1 மி.மீ., கீழே 4 மி.மீ. மறுபக்கம், மூன்றாவது ஷட்டரை ஒட்டி, மேலே 5, கீழே 2. கிரானைட்டுக்கு அடியில் அதன் மேல்விளிம்பைப் பார்த்தால் இடது மூலையைவிட வலது மூலை ஏறக்குறைய 2 மி.மீ. தூக்கலாக இருக்கிறது. ஷட்டர் உயரம் 680, அகலம் 445. ஹிஞ்ச் இரண்டு, மேலும் கீழும் 100 மி.மீ. தள்ளி.

ஸ்க்ரூடிரைவர் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். ஒன்று சரியானால் இன்னொன்று கெட்டுப்போகிறது. எந்தத் திருகு எதற்கு என்று யாராவது பொறுமையாகச் சொல்ல முடியுமா? பூஜை அலமாரியில் சட்டத்துக்குள்ளேயே அமர்கிற ஷட்டர் ஒன்றும் இருக்கிறது. அதைப் பிறகு கேட்கிறேன்.

ஹார்ட்வேர்கடை_மதுரை

மேடம், ரொம்ப எளிது. ஹிஞ்ச் கையில் முன்பக்கம் இருக்கிற திருகு இடம் வலம் நகர்த்த. பின்பக்கத் திருகு முன்னும் பின்னும் நகர்த்த. சைடு பேனலில் அடித்த பிளேட்டின் இரண்டு திருகுகள் உயரத்துக்கு. உங்களுக்கு மேல்கோடு சாய்கிறது, அது உயரப் பிரச்சினை. மேல் பிளேட்டின் திருகுகளைத் தளர்த்தி, ஷட்டரைக் கொஞ்சம் இறக்கி முடுக்குங்கள். தினமும் கடைக்கு வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்லி அனுப்புகிறேன்.

கடப்பாக்கல்_சமையலறை

எங்கள் வீட்டிலும் இதே தொல்லைதான். எங்களுடையது கடப்பாக் கல்லை நிறுத்தி, முன்னால் மரச்சட்டம் அடித்து அதில் ஷட்டர் மாட்டியது. சட்டம் ஈரத்தில் இழுத்துக்கொண்டுவிட்டது. கடைசியில் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு பழைய பட்டைக் கீல் போட்டோம். நீங்களும் அதையே செய்துவிடுங்கள், நிம்மதி.

புதுவீடு_திருச்சி

ஐயா, என்னுடையது பிளைப் பெட்டி, கல் இல்லை. ஷட்டரில் 35 மி.மீ. வட்டக் குழியில் கப் பதிந்திருக்கிறது, அதனால் பட்டைக் கீலுக்கு மாறினால் அந்தக் குழி அப்படியே தெரியும்.

மதுரைக்காரர் சொன்னபடி மேல் பிளேட்டை மட்டும் தளர்த்தி இறக்கினேன். சாய்வு மாறவே இல்லை. ஷட்டர் மூடும்போது இறுக்கமாக இருக்கிறது, ஒரு முனகல் சத்தமும் கேட்கிறது.

தச்சுப்பட்டறை_கோவை

சகோதரி, முதலில் அந்த மேல் பிளேட்டைப் பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள். சத்தத்துக்குக் காரணம் அதுதான். ஷட்டர் ஒரே பலகை, அது வளைந்து கொடுக்காது. இரண்டு ஹிஞ்சுக்கும் நடுவே உள்ள தூரம் ஷட்டரில் துளை போட்ட அன்றே முடிவாகிவிட்டது. பெட்டியில் ஒரு பிளேட்டை மட்டும் இறக்கினால் மேல் ஹிஞ்ச் கீழே இழுக்கும், கீழ் ஹிஞ்ச் விடாது. நடுவில் கை முறுக்கிக்கொள்ளும். உயரத்தை மாற்ற வேண்டுமென்றால் இரண்டு பிளேட்டையும் தளர்த்தி ஒரே அளவு நகர்த்த வேண்டும். அப்போது ஷட்டர் அப்படியே ஏறும், அப்படியே இறங்கும். சாய்வு அப்படியேதான் இருக்கும்.

மேல்கோட்டின் சாய்வு உயரத் திருகில் இல்லை, பக்கத் திருகில் இருக்கிறது. பல வருடம் தொழில் செய்தவர்களே இதில் தடுமாறி நான் பார்த்திருக்கிறேன், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

உங்கள் நடு ஷட்டருக்கு ஹிஞ்ச் இடதுபக்கம் இருக்கிறது. மேல் ஹிஞ்சை இடப்பக்கமும், கீழ் ஹிஞ்சை வலப்பக்கமும் தள்ளினால் ஷட்டர் முழுவதும் சுழலும், வலது மூலை தூக்கிக்கொள்ளும். உங்களிடம் இப்போது இருப்பது அதேதான். இடது இடைவெளி மேலே 1, கீழே 4 என்றால் ஷட்டரின் தலை பார்ட்டிஷன் பக்கம் சாய்ந்திருக்கிறது. அதனால்தான் வலது மூலை தூக்கலாக நிற்கிறது, அதனால்தான் மறுபக்கம் மேலே 5, கீழே 2. நீங்கள் சொன்ன மூன்று குறைகளும் ஒரே குறைதான். தலையை வலப்பக்கம் கொண்டுவந்தால் மூன்றும் சேர்ந்து சரியாகும்.

முதல், மூன்றாவது ஷட்டர்கள் நேராக நிற்கின்றனவா என்பதை மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பெட்டி மூலைக்கு மூலை நேராக இருக்கிறதா என்றும் பாருங்கள். இடது மேல்மூலையிலிருந்து வலது கீழ்மூலைக்கும், மற்ற இரண்டு மூலைக்கும் டேப் பிடித்து அளந்து, இரண்டு எண்ணும் ஒன்றாக வருகிறதா என்று எழுதுங்கள்.

இயந்திரவியல்_மாணவன்

கோவை அண்ணன் சொன்னதைக் கணக்கிட்டுப் பார்த்தேன். 680 உயரத்தில் 3 மி.மீ. சாய்வு என்றால், 445 அகலத்தில் 3 × 445 ÷ 680, அதாவது 1.96 மி.மீ. மூலை ஏறும். அக்கா "ஏறக்குறைய 2" என்று எழுதியிருக்கிறார். அப்படியே பொருந்துகிறது! அதனால் மற்ற இரண்டு ஷட்டரும் நேராகத்தான் இருக்க வேண்டும், சாய்வு நடு ஷட்டரில் மட்டும்தான்.

ஹிஞ்சுகள் இரண்டுக்கும் இடையே 480 மி.மீ. அப்படியானால் ஹிஞ்சில் தேவையான வித்தியாசம் 3 × 480 ÷ 680, அதாவது 2.1 மி.மீ. மேல் ஹிஞ்ச் 2.1 வலப்பக்கம் போக வேண்டும், சரிதானே?

தச்சுப்பட்டறை_கோவை

கணக்கு சரி தம்பி. ஆனால் மொத்தத்தையும் ஒரே ஹிஞ்சில் போடக்கூடாது. பக்கத் திருகு இரண்டு பக்கமும் சுமார் 2 மி.மீ. தான் போகும், அதுவும் நடுவில் இருந்தால். ஒரே திருகில் 2.1 கேட்டால் கடைசி முனையில் போய் நிற்கும், அப்புறம் அடுத்த முறை சரிசெய்ய இடமே இருக்காது.

ஷட்டரின் நடு உயரத்தில் இப்போது இடது இடைவெளி 2.5, வலது 3.5. நமக்கு இரண்டு பக்கமும் 3 வேண்டும். அதனால் சாய்வை எடுப்பதோடு ஷட்டர் மொத்தமாக அரை மி.மீ. வலப்பக்கம் போக வேண்டும். மேல் ஹிஞ்ச் 1.5 வலது, கீழ் ஹிஞ்ச் 0.5 இடது. இதில் சாய்வுக்கான 2-ம் அடங்குகிறது, நகர்வுக்கான அரையும் அடங்குகிறது.

அரை மி.மீ. எப்படி அளப்பது என்று கேட்பீர்கள். அளக்காதீர்கள். மைக்கா வெட்டித் துண்டு வீட்டில் கிடக்கும், 1 மி.மீ. தடிமன். மூன்றை ஒட்டி ஒரு கட்டையாக வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளியில் மேலே ஒன்று, கீழே ஒன்று சொருகிப் பார்த்தால் லேசாகப் பிடித்து வழுக்க வேண்டும். ஸ்கேலில் பார்ப்பதைவிட இது நம்பகமானது.

புதுவீடு_திருச்சி

மூலைக்கு மூலை அளந்தேன். 1 மி.மீ. தான் வித்தியாசம். முதல் ஷட்டரின் விளிம்பில் ரசமட்டம் வைத்தேன், நேராக இருக்கிறது.

ஒரு சந்தேகம். திருகை வலஞ்சுழியாகத் திருப்பினால் ஷட்டர் எந்தப் பக்கம் போகும்?

ஹார்ட்வேர்கடை_மதுரை

வலஞ்சுழி என்றால் பார்ட்டிஷன் பக்கம் வரும் மேடம். எல்லா கம்பெனியிலும் அப்படித்தான்.

தச்சுப்பட்டறை_கோவை

எல்லாக் கம்பெனியிலும் அப்படி இல்லை அண்ணே. திருகு கையைப் பிளேட்டிலிருந்து தள்ளுகிற மாதிரியும் வரும், இழுக்கிற மாதிரியும் வரும். மாடலுக்கு மாடல் மாறும். மனப்பாடம் செய்வதைவிட, அரைச் சுற்று திருப்பி ஷட்டரை மூடிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். ஹிஞ்சின் கை பலகையை விட்டு விலகினால் ஷட்டரும் பலகையை விட்டு விலகும், அந்தப் பக்க இடைவெளி கூடும். கை பலகையோடு ஒட்டினால் இடைவெளி குறையும். எந்தக் கம்பெனி ஹிஞ்சானாலும் இது மாறாது. ஒரு முழுச் சுற்றுக்கு எவ்வளவு போகிறது என்று அந்தக் கட்டையை வைத்தே பார்த்துக்கொண்டு அந்தக் கணக்கில் போங்கள்.

திருப்புவதற்கு முன்னால் இன்னொன்று. உங்கள் ஹிஞ்சைப் பின்னால் அழுத்தினால் கை கழன்று வருகிறதா, அல்லது பின் திருகைத் தளர்த்தி வழுக்கி எடுக்க வேண்டுமா?

புதுவீடு_திருச்சி

பின்னால் நெம்புகிற மாதிரி எதுவும் இல்லை. பின் திருகு ஒரு நீள்துளையில் இருக்கிறது.

தச்சுப்பட்டறை_கோவை

அப்படியானால் அது வழுக்கி மாட்டும் வகை. அதில் பின் திருகு இரண்டு வேலை செய்கிறது. முன்பின் அளவையும் அதுதான் வைக்கிறது, கையைப் பிளேட்டோடு பூட்டுவதும் அதுதான். அதை இறுக்கி வைத்துக்கொண்டே முன் திருகைத் திருப்பினால் கை நகராது, திருகின் தலைதான் சிதையும். நீங்கள் ஏதோ திருப்பி ஒன்றும் நடக்காமல் போனதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். பின் திருகைக் கால் சுற்று தளர்த்துங்கள், அதற்கு மேல் வேண்டாம். முன் திருகை வேண்டிய அளவு திருப்புங்கள். கதவைப் பிடித்துக்கொண்டே பின் திருகை முடுக்குங்கள். ஒரு ஹிஞ்சை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தளர்த்த வேண்டும், இரண்டையும் ஒன்றாகத் தளர்த்தினால் ஷட்டர் முன்பின் அளவையும் இழந்துவிடும்.

கையால் திருப்புங்கள். டிரில்லை எடுக்க வேண்டாம். ஸ்டார் ஸ்க்ரூடிரைவரிலும் இரண்டு வகை உண்டு. திருகுத் தலையில் பெரிய கூட்டல் குறிக்கு நடுவில் மெல்லிய நான்கு கோடுகள் தெரிந்தால் அது போசிடிரைவ். சாதாரண ஸ்டார் முனை அதில் முழுதாகப் பதியாது, நழுவி நழுவித் தலையைத் தின்றுவிடும். கடையில் பிசெட்-2 என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இயந்திரவியல்_மாணவன்

எந்த வரிசையில் செய்வது? நான் முதலில் உயரம், அப்புறம் பக்கம், கடைசியில் முன்பின் என்று நினைக்கிறேன்.

தச்சுப்பட்டறை_கோவை

நான் முன்பின் அளவில் தொடங்குவேன். ஷட்டரின் உள்முகத்துக்கும் பெட்டியின் விளிம்புக்கும் இடையே மேல் ஹிஞ்சருகே எவ்வளவோ, கீழ் ஹிஞ்சருகேயும் அவ்வளவு இருக்க வேண்டும், ஒன்றிரண்டு மி.மீ. அது சமமில்லை என்றால் முன்னால் நின்று பார்க்கிற இடைவெளியே பொய்யாகத் தெரியும். ரொம்பவும் நெருக்கி வைத்தால் ஷட்டரின் ஹிஞ்ச் பக்க விளிம்பு பேனலில் முட்டி, மூடும்போது கடைசி ஒரு சென்டிமீட்டரில் திரும்ப எழும்பும். அதைப் பார்த்து ஹிஞ்சில் ஸ்பிரிங் போய்விட்டது என்று மாற்றுகிறவர்கள் உண்டு. பின் திருகைத் தளர்த்தி ஒரு மி.மீ. வெளியே விட்டால் அது போய்விடும். முன்பின் முடிந்ததும் பக்கம். உயரம் கடைசி, ஏனென்றால் பக்கத்தைத் திருப்பினால் மூலை ஏறி இறங்குகிறதே, அதன் பிறகுதான் உயரத்தின் உண்மை தெரியும்.

இயந்திரவியல்_மாணவன்

உயரத்தை முதலிலேயே தோராயமாக வைத்தால் பார்க்க வசதி என்றுதான் சொன்னேன். கடைசியில் ஒருமுறை திரும்பச் சரிபார்க்க வேண்டும் என்பது சரி.

தச்சுப்பட்டறை_கோவை

அப்படியும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். என் கை பழகியது இது.

புதுவீடு_திருச்சி

(அடுத்த நாள்)

மேல் பிளேட்டைப் பழையபடி வைத்தேன், முனகல் நின்றுவிட்டது. மேல் ஹிஞ்சின் பின் திருகைக் கால் சுற்று தளர்த்தி முன் திருகைத் திருப்பினேன். என்னுடையதில் வலஞ்சுழி திருப்பினால் ஷட்டர் பார்ட்டிஷனை விட்டு விலகுகிறது. அதாவது மதுரை அண்ணன் சொன்னதற்கு எதிர். ஒன்றரை மி.மீ. அளவுக்குப் போனதும் மேல்கோடு கண்ணெதிரே நேரானது. கீழ் ஹிஞ்சைச் சிறிது பார்ட்டிஷன் பக்கம் இழுத்தேன். மூன்று மைக்காத் துண்டு மேலும் கீழும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வழுக்குகிறது. உயரத்தை அரை மி.மீ. மட்டும் இறக்கினேன், இரண்டு பிளேட்டையும் சேர்த்து. ரொம்ப நன்றி.

வாடகைவீடு_சேலம்

நானும் இதில் கேட்கலாமா? என் அலமாரியில் பார்ட்டிஷனின் இரண்டு பக்கமும் ஷட்டர் தொங்குகிறது. ஒன்றைத் திறந்துவிட்டுத்தான் மற்றதை மூட முடிகிறது. ஒன்றை மூடிவிட்டு இரண்டாவதை மூடினால் விளிம்பு மோதி நிற்கிறது. பக்கத் திருகை முழுதாகத் திருப்பிவிட்டேன், போதவில்லை. பிளை 18 மி.மீ.

ஹார்ட்வேர்கடை_மதுரை

அது ஹிஞ்ச் தப்பு தம்பி. இது எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் கடையில் தினமும் திரும்ப வருகிற சரக்கு இதுதான். கழற்றிக் கையைப் பாருங்கள். கப்பிலிருந்து வருகிற கை நேராக இருந்தால் அது ஜீரோ கிராங்க், ஷட்டர் பலகையின் விளிம்பை முழுதாக மூடுவதற்கு. சற்றே வளைந்திருந்தால் எட்டு கிராங்க், பாதி மூட. நன்றாக முழங்கை மாதிரி வளைந்திருந்தால் பதினாறு கிராங்க், ஷட்டர் சட்டத்துக்குள்ளே அமர. உங்களுக்கு நேராக இருக்கும் பாருங்கள்.

வாடகைவீடு_சேலம்

ஆமாம் அண்ணே, நேராகத்தான் இருக்கிறது. நான்கும் ஒரே மாதிரி.

தச்சுப்பட்டறை_கோவை

மதுரை அண்ணன் சரியாகச் சொன்னார். கணக்கையும் பாருங்கள். பார்ட்டிஷன் விளிம்பு 18 மி.மீ. நடுவில் 3 மி.மீ. இடைவெளி விட்டால் மீதி 15, ஆளுக்கு ஏழரை. ஜீரோ கிராங்க் அதே விளிம்பில் 16 மி.மீ. வரை மூட வருகிறது. ஏழரைக்கும் பதினாறுக்கும் நடுவில் எட்டரை மி.மீ. இரண்டு மி.மீ. போகிற திருகு அதைச் சரிசெய்யவே முடியாது. ஆசாரி மொத்தமாக ஒரே டப்பா வாங்கி மாட்டியிருப்பார்.

நல்ல சேதி, துளை எதையும் மாற்ற வேண்டாம். ஷட்டரில் அதே 35 மி.மீ. குழிதான். அதே கம்பெனியில் எட்டு கிராங்க் வாங்கினால் அதே பிளேட்டிலேயே மாட்டலாம். ஆனால் வாங்குவதற்கு முன் ஷட்டரின் அகலத்தை அளந்துவிடுங்கள். ஷட்டரை வெட்டும்போதே பாதி மூடலுக்குத்தான் வெட்டினாரா என்று பார்க்க வேண்டும். அகலம் அதிகமாக இருந்தால் ஹிஞ்சை மாற்றினாலும் மறுபக்கத்தில் போய் முட்டும்.

வாடகைவீடு_சேலம்

அகலம் சரியாகத்தான் இருக்கிறது. இரண்டையும் கழற்றிப் பெட்டியின் முன் வைத்துப் பார்த்தேன், நடுவில் 3 மி.மீ. இருக்கிறது. நாளை ஹிஞ்ச் வாங்குகிறேன்.

புதுவீடு_திருச்சி

இப்போது பூஜை அலமாரி. சட்டத்துக்குள்ளே அமர்கிற ஒற்றை ஷட்டர், பிளை, மேலே மைக்கா. பதினாறு கிராங்க் ஹிஞ்ச், இடதுபக்கம். ஷட்டர் 446 அகலம், 896 உயரம். ஹிஞ்ச் பக்கம் மேலும் கீழும் 2 மி.மீ. இருக்கிறது. கைப்பிடி பக்கம் மேலே 2, கீழே 5. மேலும் கீழும் உள்ள இடைவெளி 2, சமமாகவே இருக்கிறது. கீழே அந்த 5 அசிங்கமாகத் தெரிகிறது. நடு ஷட்டரைச் செய்ததைப் போலவே சாய்த்தேன். கைப்பிடி பக்கம் சரியானது, ஆனால் ஹிஞ்ச் பக்கம் கீழே அகன்றுவிட்டது, மேலே வலது மூலையும் சட்டத்தில் உரசுகிறது.

தச்சுப்பட்டறை_கோவை

ஷட்டர் சாய்ந்திருந்தால் ஒரு பக்கம் கூடுகிற அளவு மறுபக்கம் குறையும். உங்கள் சமையலறையில் அப்படித்தான் இருந்தது. இங்கே ஒரு பக்கம் 2-2, மறுபக்கம் 2-5. அதாவது ஷட்டர் நேராக இருக்கிறது, சட்டத்தின் வாய்தான் கீழே 3 மி.மீ. அகலமாக இருக்கிறது. டேப் வைத்து மேலே, கீழே வாயை அளந்து பாருங்கள், 450-ம் 453-மாக இருக்கும்.

சட்டம் கோணலாக இருந்தால் திருகால் அந்த 3 மி.மீ.யை அழிக்க முடியாது. இடம்தான் மாற்ற முடியும். மூன்றையும் ஒரே பக்கம் வைக்காமல் ஒன்றரை ஒன்றரையாக இரண்டு பக்கமும் பிரித்துவிடலாம். கீழ் ஹிஞ்சை மட்டும் 1.2 மி.மீ. அளவுக்குக் கைப்பிடி பக்கம் தள்ளினால் இரண்டு பக்கமும் மேலே 2, கீழே மூன்றரை ஆகும். கண் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதை ஏற்றுக்கொள்ளும். ஒரு பக்கம் மட்டும் பிளந்திருந்தால்தான் உடனே தெரியும். இதில் வலது மேல் மூலை முக்கால் மி.மீ. ஏறும். அதனால் இரண்டு பிளேட்டையும் சேர்த்து 0.4 இறக்கிவிடுங்கள். நீங்கள் முழு 3 மி.மீ.யையும் சாய்த்துவிட்டீர்கள், அப்போது மூலை ஒன்றரை ஏறிவிடும், அதுதான் உரசல்.

இன்னும் சுத்தமாக வேண்டுமென்றால் ஹிஞ்சைப் பழையபடி வைத்து ஷட்டரை நேராக்கிவிட்டு, அதன் கைப்பிடி பக்க விளிம்பில் 4 மி.மீ. மரப்பட்டி ஒட்டி, மேலே ஒன்றுமில்லாமல் கீழே 3 மி.மீ. வரும்படி இழைப்புளியால் சரிவாக இழைக்க வேண்டும். ஆசாரி வந்ததும் அதைச் சொல்லுங்கள்.

தேக்குமரம்_நாகர்கோவில்

உள்ளமரும் கதவைப் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். என் அப்பா காலத்திலிருந்து தேக்கில் அலமாரி செய்கிறோம். ஆட்டோ ஹிஞ்சில் உள்ளமரும் கதவு செய்யும்போது பெரும்பாலும் தவறுவது பிளேட்டின் இடம். வெளியே அமரும் ஷட்டருக்குப் பெட்டியின் முன்விளிம்பிலிருந்து 37 மி.மீ. தள்ளிப் பிளேட்டுக்குத் துளை. உள்ளமரும் கதவுக்கு அந்த 37 உடன் கதவின் தடிமனையும் கூட்ட வேண்டும். 18 பிளையும் இரண்டு பக்க மைக்காவும் சேர்ந்து 20 என்றால் 57. கதவு சட்டத்தைவிட ஒரு மி.மீ. உள்ளே ஒதுங்கி நிற்பது அழகு என்று நினைத்தால் 58. இதை மறந்து 37-ல் அடித்தால் கதவு 20 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பின் திருகு இரண்டு மூன்று மி.மீ. தான் போகும், பிளேட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். பழைய துளையில் பசை தடவிய மரக்குச்சியைத் தட்டி, காய்ந்ததும் சீவிவிட்டு, தள்ளிப் புதுத்துளை போடுங்கள். பழைய துளைக்குப் பாதி மேலேயே போட்டால் திருகு அதற்குள்ளேயே வழுக்கும்.

உள்ளமரும் கதவில் முன்பின் அளவும் முன்னால் நிற்பவருக்கு நேராகத் தெரியும். வெளியே அமரும் ஷட்டரில் ஒரு மி.மீ. வித்தியாசம் யாருக்கும் தெரியாது. இங்கே கதவும் சட்டமும் ஒரே தளத்தில் இருப்பதால், கை வைத்துத் தடவினால் அரை மி.மீ. கூட விரலில் தட்டும். அதனால் இதில் முதலில் பின் திருகு, கதவின் நான்கு மூலையிலும் விரலால் தடவிப் பார்த்தபடி.

இயந்திரவியல்_மாணவன்

நாகர்கோவில் ஐயா, ஹிஞ்ச் பக்கம் இரண்டு மூலையும் சமமாக இருந்து, கைப்பிடி பக்க மேல்மூலை மட்டும் 4 மி.மீ. வெளியே நின்றால்?

தேக்குமரம்_நாகர்கோவில்

கதவு முறுக்கியிருக்கிறது, அல்லது அலமாரியே முறுக்கியிருக்கிறது. தரையில் ஒரு கால் தொங்கினாலும் இப்படி வரும். முதலில் கால்களுக்கு அடியில் ஆப்பு வைத்து மட்டம் பாருங்கள், பாதி சமயம் அதிலேயே சரியாகிவிடும். மீதியைப் பின் திருகில் பங்கு போடலாம். மேல் ஹிஞ்சை ஒரு மி.மீ. உள்ளே, கீழ் ஹிஞ்சை ஒரு மி.மீ. வெளியே. 4 நான்கு மூலையிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவிவிடும். அதற்கு மேல் முறுக்கு இருந்தால் கதவையே மாற்ற வேண்டியதுதான்.

கடப்பாக்கல்_சமையலறை

ஐயா, எங்கள் மரச்சட்டத்துக் கதவும் உள்ளமரும் வகைதான். மழைக்காலத்தில் பிடித்துக்கொள்ளும், பங்குனியில் சந்து தெரியும். திருகைத் திருப்பித் திருப்பி அலுத்துப்போய்த்தான் கழற்றினோம். அதற்கு எவ்வளவு இடைவெளி விட வேண்டும்?

தேக்குமரம்_நாகர்கோவில்

முழு மரக் கதவா, பிளையா என்பதைப் பொறுத்தது. பிளை அகலத்தில் அவ்வளவாக மாறாது, 2 மி.மீ. போதும். முழு மரம் நார்களுக்குக் குறுக்கே ஊதும், நீளத்தில் ஏறக்குறைய மாறாது. அதனால் மேலும் கீழும் 2 இருந்தால் போதும், கைப்பிடி பக்கத்துக்கு நான் 3 விடுவேன். வெயில் காலத்தில் மாட்டினால் அந்த 3. மழையில் மாட்டினால் 2 போதும், ஏற்கெனவே ஊதியிருக்கும்.

தச்சுப்பட்டறை_கோவை

ஐயா சொல்வதில் எனக்கு ஒரு மாறுபாடு. நான் சட்டம் போட்டு நடுவில் பேனல் சொருகிய கதவுக்கு மழையானாலும் வெயிலானாலும் இரண்டரையே விடுகிறேன். இரண்டு பக்கக் கட்டையும் சேர்த்து 6 அங்குலத்துக்கு மேல் வராது, பேனல் தன் காடிக்குள்ளேயே ஊதிக்கொள்ளும்.

தேக்குமரம்_நாகர்கோவில்

பேனல் கதவுக்கு நீங்கள் சொல்வது பொருந்தும் தம்பி. நான் பலகை சேர்த்து ஒட்டிய முழுக்கதவைச் சொன்னேன். கடற்கரைப் பக்கம் காற்றில் ஈரம் அதிகம், கோவையில் நீங்கள் பார்ப்பது வேறு.

வாடகைவீடு_சேலம்

எட்டு கிராங்க் மாட்டிவிட்டேன். அதே பிளேட், அதே துளை. மோதல் போய்விட்டது. நடுவில் மேலே 3, கீழே 2. இது சாய்வுதானே? எந்த ஷட்டர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தச்சுப்பட்டறை_கோவை

இரண்டு ஷட்டரின் மேல்விளிம்பையும் பாருங்கள். எந்த ஷட்டரின் விளிம்பு பெட்டியின் மேல்பலகையோடு இணையாக இல்லையோ அதுதான் சாய்ந்தது. இரண்டும் இணையாகத் தெரிந்தால் ஒவ்வொன்றிலும் அரை மி.மீ. பிரிந்திருக்கிறது. அப்போது இரண்டு கீழ் ஹிஞ்சையும் கால் சுற்று விலக்கிப் பாருங்கள்.

புதுவீடு_திருச்சி

பூஜை அலமாரியை அளந்தேன். மேலே 450, கீழே 453, கோவை அண்ணன் சொன்ன அதே எண். கீழ் ஹிஞ்சைத் தள்ளி இரண்டு பக்கமும் பிரித்துவிட்டேன். மேல் மூலை உரசவில்லை. கீழே மூன்றரை இன்னும் தெரிகிறது, ஆனால் விளக்கேற்றிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால் கண்ணில் படவில்லை. ஆசாரி அடுத்த மாதம் வந்ததும் பட்டி ஒட்டி இழைக்கச் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு கேள்வி. மைக்கா ஒட்டிய விளிம்பில் அந்தப் பட்டியை நேராக ஒட்டலாமா, அல்லது மைக்காவை உரித்துவிட்டு ஒட்ட வேண்டுமா?

தச்சுப்பட்டறை_கோவை

உரித்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். மைக்கா மேல் மரப்பசை பிடிக்காது, ஒரு வருடத்தில் கழன்றுவிடும். இஸ்திரிப் பெட்டியால் மெல்லச் சூடாக்கி உளியால் நெம்பினால் வந்துவிடும். பட்டி ஒட்டி இழைத்த பிறகு அதே நிற எட்ஜ் பேண்ட் ஒட்டச் சொல்லுங்கள். அதற்குப் போகும் 1 மி.மீ.யும் உரித்த மைக்காவின் 1 மி.மீ.யும் ஈடாகிவிடும், அதனால் இழைக்கும்போது எதையும் கழிக்க வேண்டாம், மேலே உள்ள 2 மி.மீ. இடைவெளி அப்படியே இருக்கும்.